காரைக்குடி வீட்டுக் கேமரா ஓசூரில் தெரியவில்லை: போர்ட் திறந்தும் பலனில்லை

காரைக்குடி சொக்கு | சனி, இரவு 9.40

காரைக்குடி வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். எனக்கு வேலை ஓசூரில். வீட்டில் நான்கு கேமராக்களும் ஒரு டி.வி.ஆர். பெட்டியும் இருக்கின்றன. பழைய தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்துகொண்டிருந்த நான்கு ஆண்டுகளும் என் கைபேசியில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பார்த்து வந்தேன். அப்போதும் வீட்டு முகவரி மாறிக்கொண்டேதான் இருக்கும். அதற்காக ஒரு இலவசச் சேவையில் பெயர் ஒன்று பதிந்து, அந்தப் பெயரையும் 8000 என்ற போர்ட்டையும் செயலியில் கொடுத்திருந்தேன். முகவரி மாறினாலும் பெயர் அதைத் தேடிப் பிடித்துவிடும்.

தீபாவளிக்கு முன் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். அன்றிலிருந்து ஓசூரில் படம் வருவதில்லை. விடுப்பில் ஊருக்குப் போய், டி.வி.ஆருக்கு 192.168.1.64 என்று நிலையான முகவரி கொடுத்தேன். புது ரவுட்டரில் 8000, 554, 80 மூன்றையும் அதற்குத் திருப்பிவிட்டேன். வீட்டு வைஃபையில் செயலி அருமையாக வேலை செய்கிறது. ஓசூர் திரும்பியதும் மீண்டும் கறுப்புத் திரைதான். போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் இணையதளம் ஒன்றில் சோதித்தேன். மூடியிருக்கிறது என்கிறது. ரவுட்டரிலோ திறந்திருப்பதாகக் காட்டுகிறது.

மூன்று நாள் விடுப்பு இதிலேயே போயிற்று. "என்னைப் பார்க்க வந்தாயா, அந்தப் பெட்டியைப் பார்க்க வந்தாயா" என்று அம்மா கேட்டுவிட்டார். எங்கே தவறு செய்கிறேன்?

மணிமாறன் | சனி, இரவு 10.15

வீட்டு முகவரி மாறுவதுதான் காரணம். ஃபைபரில் ரவுட்டரை அணைத்துப் போட்டாலே முகவரி மாறும். உங்கள் பழைய பெயர் இன்னும் பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சேவையின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் புது ரவுட்டரில் கொடுங்கள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எனக்கு மதுரையில் அப்படித்தான் சரியானது. பத்து நிமிட வேலை.

முத்துலட்சுமி | ஞாயிறு, காலை 6.50

நாங்களும் போன வருடம் வீடு மாறினோம் தம்பி. முகவரி மாறினால் செயலியில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. கதவு எண், தெருப் பெயர் எதையும் அது கேட்கவே இல்லை. பெட்டியைக் கழற்றி, புது வீட்டில் மாட்டி, இணையக் கம்பியைச் செருகினோம், அவ்வளவுதான். ஆனால் வீடு மாறி ஒரு வாரம் பெட்டி மூட்டைக்குள்ளேயே கிடந்ததால் அதன் தேதி 2000ஆம் ஆண்டுக்குப் போய்விட்டது. தேதியைச் சரிசெய்கிற வரை கைபேசியில் படம் வரவில்லை. உங்களுக்கும் அப்படி இருக்கலாம், பாருங்கள்.

மணிமாறன் | ஞாயிறு, காலை 7.30

அம்மா, அவர் வீடு மாறவில்லை. இணைய முகவரியைச் சொல்கிறார்.

முத்துலட்சுமி | ஞாயிறு, காலை 7.42

அப்படியா, சரி. தேதியையும் ஒருமுறை பார்க்கட்டும், அதில் நட்டம் ஒன்றும் இல்லை.

திருப்பூர் வயர்மேன் | ஞாயிறு, காலை 11.05

சொக்கு, எதையும் மாற்றாதீர்கள். முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

அந்தப் போர்ட் சோதனையை எங்கே உட்கார்ந்து செய்தீர்கள்? ஓசூரில் என்றால் அது ஓசூர் வீட்டின் இணைப்பைத்தான் சோதித்திருக்கும். அத்தகைய தளங்கள், பக்கத்தைத் திறந்தவரின் முகவரியைத் தாமாகவே பெட்டிக்குள் போட்டுக்கொள்ளும். நீங்கள் காரைக்குடிக் கதவைத் தட்டுவதாக நினைத்து உங்கள் கதவையே தட்டியிருக்கிறீர்கள்.

இரண்டாவது, காரைக்குடி ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் `WAN IP` என்ற வரியில் என்ன எண் இருக்கிறது?

மூன்றாவது, அதே வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு "என் முகவரி என்ன" என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால் என்ன எண் வருகிறது?

பின் இரண்டு எண்களும் ஒன்றுதானா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

காரைக்குடி சொக்கு | ஞாயிறு, மாலை 5.20

சோதனையை ஓசூரில்தான் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

அக்கா மகனை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறான், என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிட்டான். ரவுட்டரில் 100.83 என்று தொடங்கும் எண் இருக்கிறது. இணையதளம் காட்டுவது 103 என்று தொடங்கும் வேறு எண். ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். முன்னது 100.91 ஆகிவிட்டது, பின்னது அப்படியே இருக்கிறது.

திருப்பூர் வயர்மேன் | ஞாயிறு, இரவு 8.30

காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் அமைப்பில் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் அது ஒருநாளும் வேலை செய்யப் போவதில்லை.

100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் பொது இணையத்தில் கிடையாது. இணைய நிறுவனங்கள் தங்கள் உள்வலைக்குள் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை அவை. பழைய வகை முகவரிகள் உலகம் முழுக்கத் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை நிறுத்துகிறார்கள். உங்கள் 103 அந்தப் பொது முகவரி. காரைக்குடியில் உங்களோடு இன்னும் எத்தனையோ வீடுகள் அதன் பின்னால் நிற்கின்றன. எங்கள் தொழிலில் இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டீர்கள். கீழே பெரிய கேட் பூட்டியிருக்கிறது, அதன் சாவி குடியிருப்புச் சங்கத்திடம். கதவைத் திறப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். கேட்டைத் திறக்க உங்களுக்கு உரிமை இல்லை. வெளியிலிருந்து 103இன் 8000ஆம் போர்ட்டுக்கு வருகிறவர் நிறுவனத்தின் கருவிமீது மோதுவார். அவரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது, கைவிட்டுவிடும். உங்கள் ரவுட்டர் வரை அந்தத் தட்டல் வந்து சேராது. அதனால்தான் ரவுட்டர் திறந்திருப்பதாகச் சொல்வதும், வெளியே இருப்பவருக்கு மூடியிருப்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கிறது.

பழைய கம்பி இணைப்பில் முகவரி மாறினாலும் அது பொது முகவரி. இப்போது உங்களுக்கென்று ஒரு பொது முகவரியே இல்லை. மணிமாறன் சொன்ன வைத்தியம் முந்தைய நோய்க்கு.

மணிமாறன் | ஞாயிறு, இரவு 9.10

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயர்ச் சேவையைப் புதுப்பித்தால் அது 103ஐக் காட்டுமே, ஏதாவது ஒரு வழி கிடைக்காதா? 8000க்குப் பதில் வேறு எண் வைத்துப் பார்த்தால்?

திருப்பூர் வயர்மேன் | ஞாயிறு, இரவு 9.35

103ஐக் காட்டலாம். ரவுட்டரின் அமைப்பைப் பொறுத்து 100.91ஐயே கொண்டுபோய்ப் பதிந்தாலும் பதியும், அதையும் பார்த்திருக்கிறேன். இரண்டாலும் பயன் இல்லை. பெயர் உங்களை கேட் வரை கொண்டு விடும், உள்ளே விடாது. எண்ணை 48000 என்று மாற்றினாலும் அதே கேட்தான்.

சொக்கு, மூன்று வழிகள் இருக்கின்றன. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்டு வாங்குவது ஒன்று. டி.வி.ஆர். தானே வெளியே போய் அதன் தயாரிப்பாளரின் சேவையகத்தில் காத்திருக்கும்படி செய்வது இன்னொன்று. வீட்டில் ஒரு சின்னக் கருவி வைத்துத் தனிச் சுரங்கம் போடுவது மூன்றாவது. முதலாவதைக் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் நீங்கள் செய்துவைத்திருக்கும் அமைப்பு அப்படியே உயிர்பெறும்.

காரைக்குடி சொக்கு | செவ்வாய், இரவு 8.05

கேட்டேன். வாடிக்கையாளர் சேவையில் முதலில் பேசியவர் "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்றார். இரண்டாவது ஆள் "உங்கள் கேமராவில்தான் கோளாறு" என்றார். மூன்றாவது பெண்மணிக்கு நான் கேட்பது புரிந்தது. நிலையான பொது முகவரி உண்டு, ஆனால் வணிகத் திட்டத்துக்கு மாறினால்தான் தருவோம் என்றார். இப்போது கட்டுவதைப் போல மூன்று மடங்குக்குமேல் ஆகும். அம்மா வாசல் தெளிப்பதைப் பார்க்க அவ்வளவு கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது வழியைச் சொல்லுங்கள்.

திருப்பூர் வயர்மேன் | செவ்வாய், இரவு 10.00

கேட்டின் பூட்டு வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான். உள்ளேயிருந்து போகிறவரை யாரும் தடுப்பதில்லை, இல்லையென்றால் அம்மா கைபேசியில் தொடர் பார்க்கவே முடியாது. அதைத்தான் பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம். டி.வி.ஆர். உள்ளேயிருந்து தயாரிப்பாளரின் சேவையகத்தை அழைத்து, "நான் இந்த வரிசை எண், இங்கே இருக்கிறேன்" என்று சொல்லி அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் செயலியும் அதே சேவையகத்துக்குப் போகும். அது இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்கும். முடிந்தால் டி.வி.ஆரும் கைபேசியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும், முடியாதபோது படம் சேவையகத்தின் வழியாகவே வரும். பின்னதில் படம் சற்றுத் தாமதமாக வரும். இதில் முகவரி மாறினாலும் கவலை இல்லை, போர்ட்டும் திறக்க வேண்டாம்.

டி.வி.ஆரில் நெட்வொர்க் பகுதிக்குள் `Platform Access` அல்லது `P2P` என்று ஒரு பக்கம் இருக்கும். அதை இயக்கச் சொல்லுங்கள். ஒரு சரிபார்ப்புக் குறியீடு அமைக்கச் சொல்லலாம். அது டி.வி.ஆரின் கடவுச்சொல் அல்ல, தனி. குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இயக்கியபின் அங்கே `Status` என்ற வரி `Online` ஆக வேண்டும். ஆகும்வரை செயலியைத் தொடாதீர்கள்.

காரைக்குடி சொக்கு | புதன், இரவு 7.45

பையன் போய் இயக்கினான். கால் மணி நேரம் காத்திருந்தும் `Offline` என்றே இருக்கிறது. டி.வி.ஆரை அணைத்தும் போட்டுப் பார்த்தான். வீட்டு வைஃபையில் படம் வருகிறது. அதனால் கம்பியில் குறை இல்லை.

முத்துலட்சுமி | புதன், இரவு 8.00

தேதி!

காரைக்குடி சொக்கு | புதன், இரவு 8.20

பார்த்துவிட்டேன் அம்மா. தேதி சரி, நேரம் மட்டும் நான்கு நிமிடம் பின்னால் ஓடுகிறது.

திருப்பூர் வயர்மேன் | புதன், இரவு 9.15

முத்துலட்சுமி அம்மா சொன்னதைச் சும்மா விடக் கூடாது. பெட்டிக்குள் இருக்கும் காசு போன்ற மின்கலம் செத்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பின்னுக்கு ஓடிவிடும். சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் 'இன்னும் தொடங்கவே இல்லாத' ஒன்றாக டி.வி.ஆருக்குத் தோன்றும், இணைப்பை மறுத்துவிடும். ஆனால் நான்கு நிமிடம் ஒன்றும் செய்யாது.

சொக்கு, உங்களுடையது வேறு என்று நினைக்கிறேன். டி.வி.ஆருக்கு நிலையான முகவரி கொடுத்தேன் என்றீர்களே, ரவுட்டரிலா டி.வி.ஆரிலேயா? டி.வி.ஆரின் நெட்வொர்க் பக்கத்தை முழுக்கப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

காரைக்குடி சொக்கு | புதன், இரவு 9.50

டி.வி.ஆரில்தான். பழைய அமைப்பில் இருந்த எண்களை அப்படியே விட்டு முகவரியை மட்டும் உறுதிசெய்தேன். இதோ:

```
IPv4 Address    192.168.1.64
Subnet Mask     255.255.255.0
Gateway         192.168.1.1
Preferred DNS   (பழைய இணைய நிறுவனம் தந்த எண்)
Alternate DNS   0.0.0.0
```

திருப்பூர் வயர்மேன் | புதன், இரவு 10.05

கடைசிக்கு முந்தைய வரி. அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

டி.வி.ஆர். தயாரிப்பாளரின் சேவையகத்தைப் பெயரைச் சொல்லித்தான் அழைக்கும். பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு நீங்கள் இன்னும் பழைய நிறுவனத்தின் ஆளையே நம்பியிருக்கிறீர்கள். பல நிறுவனங்களின் அத்தகைய சேவையகங்கள் தங்கள் வாடிக்கையாளருக்கு மட்டுமே பதில் சொல்லும். நீங்கள் இப்போது அவர்கள் வாடிக்கையாளர் அல்ல. கேள்வி போகிறது, பதில் வருவதில்லை. வீட்டுக்குள் நீங்கள் 192.168.1.64 என்று எண்ணையே நேராகக் கொடுப்பதால் பெயர் தேவைப்படவில்லை, படம் வந்தது. இந்தக் குறை நான்கு ஆண்டு ஒளிந்திருந்து இணைப்பு மாறிய அன்றைக்குத்தான் வெளியே வரும்.

`Preferred DNS` வரியில் 8.8.8.8, `Alternate DNS` வரியில் 1.1.1.1 போடச் சொல்லுங்கள். சேமித்த பிறகு ஓரிரு நிமிடம் பொறுங்கள்.

காரைக்குடி சொக்கு | புதன், இரவு 10.40

`Online`!! பையனுக்குப் பரோட்டா வாங்கித் தரச் சொல்லி அக்காவிடம் பணம் அனுப்பிவிட்டேன்.

இப்போது புதுத் தொல்லை. செயலியில் கணக்குத் தொடங்கி டி.வி.ஆரின் அடியில் இருக்கும் சதுரக் குறியைப் படமெடுத்து அனுப்பினான், அதை ஸ்கேன் செய்தேன். இந்தக் கருவி ஏற்கெனவே வேறொரு கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்கிறது. வீட்டில் வேறு யாரும் இந்தச் செயலியை வைத்திருக்கவில்லை.

திருப்பூர் வயர்மேன் | புதன், இரவு 11.00

கேமரா மாட்டியவர் யார்?

காரைக்குடி சொக்கு | வியாழன், காலை 7.15

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஊரிலேயே ஒருவர் மாட்டித் தந்தார். நல்ல மனிதர். அவரா?

திருப்பூர் வயர்மேன் | வியாழன், மதியம் 1.30

அநேகமாக அவர்தான். நானும் இதே தொழில் செய்கிறவன், அதனால் இரு பக்கமும் சொல்கிறேன். மாட்டி முடித்ததும் கைபேசியில் படம் வருகிறதா என்று காட்ட வேண்டும். வீட்டுக்காரரிடம் கணக்கு இருக்காது, மின்னஞ்சலின் கடவுச்சொல் நினைவிருக்காது, மணி எட்டாகிவிடும். நம் கைபேசியிலேயே நம் கணக்கிலேயே சேர்த்துக் காட்டிவிட்டு, பிறகு மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் போய்விடுவோம். அந்தப் பிறகு வருவதே இல்லை. கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, சோம்பல் போதும்.

ஆனால் இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கம் `Online` ஆன நிமிடத்திலிருந்து உங்கள் அம்மாவின் வாசலும் கூடமும் அவர் கைபேசியில் தெரியும். அவர் திறந்து பார்க்காமலே இருக்கலாம். அந்தக் கைபேசியை விற்றிருக்கலாம், பேரன் கையில் கொடுத்திருக்கலாம். இந்தத் தயாரிப்புகளில் ஒரு கருவிக்கு ஒரே உரிமையாளர் கணக்குதான், மற்றவர்களுக்கு அவர் பகிரத்தான் முடியும். "சார், எனக்குப் பகிர்ந்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர் தன் கணக்கிலிருந்து நீக்கியே ஆக வேண்டும். நீக்கியதும் நீங்கள் சேர்த்துக்கொண்டு, டி.வி.ஆரின் கடவுச்சொல்லையும் சரிபார்ப்புக் குறியீட்டையும் அன்றே மாற்றுங்கள்.

முத்துலட்சுமி | வியாழன், மதியம் 2.10

ஐயோ, எங்கள் வீட்டில் மாட்டியவரும் அவர் கைபேசியில்தான் முதலில் காட்டினார். இப்போதே போய்ப் பார்க்கிறேன்.

நீலகண்டன், சிங்கப்பூர் | வியாழன், இரவு 7.00

தாமதமாக வருகிறேன். நான் வலையமைப்புத் துறையில் இருக்கிறேன். வயர்மேன் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தார், ஆனால் அவர் காட்டும் வழி எனக்குப் பிடிக்கவில்லை. மாட்டியவரின் கணக்கை நீக்கிவிட்டு, எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு சேவையகத்திடம் அம்மா வீட்டைக் கொடுக்கிறோம். நான் மூன்றாவது வழிதான் செய்வேன். வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்றை வைத்து, கைபேசிக்கும் அதற்கும் நடுவே மறைகுறியாக்கிய சுரங்கம் போட்டால் சி.ஜி.நாட் தடையும் இல்லை, போர்ட்டும் திறக்க வேண்டாம். டெயில்ஸ்கேல் என்ற சேவையை அதில் நிறுவியபின் ஒரே வரி:

```
sudo tailscale up --advertise-routes=192.168.1.0/24
```

கைபேசியிலும் அதே கணக்கில் நுழைந்தால் 192.168.1.64 என்று வீட்டில் இருப்பதுபோலவே திறக்கலாம்.

திருப்பூர் வயர்மேன் | வியாழன், இரவு 8.20

நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஒரே வரி என்பதுதான் சற்று அதிகம். அந்த ராஸ்பெர்ரி பையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அனுப்பும் வசதியை முதலில் இயக்க வேண்டும், பிறகு கணக்கின் நிர்வாகப் பக்கத்தில் அந்த வழியை அனுமதிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மறந்தாலும் எல்லாம் இணைந்ததுபோலவே தெரியும், படம் மட்டும் வராது. சொக்குவின் ஓசூர் வைஃபையும் 192.168.1 என்றே இருந்தால் இன்னொரு சிக்கல்: கைபேசி 64ஐ ஓசூரிலேயே தேடும். மொபைல் டேட்டாவில் வரும், வைஃபையில் வராது. இரண்டில் ஒரு வீட்டின் எண்வரிசையை மாற்ற வேண்டியிருக்கும்.

அந்தப் பையின் மெமரி கார்டு ஒருநாள் கெட்டுப்போனால் காரைக்குடியில் யார் சரிசெய்வது? பத்தாம் வகுப்புப் பையன் அடுத்த ஆண்டு விடுதிக்குப் போய்விடுவான்.

மணிமாறன் | வியாழன், இரவு 8.55

நான் இன்னும் பொது முகவரி, போர்ட் ஃபார்வர்டிங் கட்சிதான். நடுவில் யாரும் இல்லை, என் வீடு, என் கதவு. 8000ஐ 48123 என்று மாற்றிவிட்டேன், யாருக்கும் தெரியாது.

நீலகண்டன், சிங்கப்பூர் | வியாழன், இரவு 9.30

மணிமாறன், தெரியும். இணையத்தின் எல்லா முகவரிகளையும் எல்லாப் போர்ட்டுகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் இருக்கின்றன. எண்ணை மாற்றினால் அவை வந்து சேரச் சில நாள் கூடுதலாகலாம், அவ்வளவே.

2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியது நினைவிருக்கலாம். அறுபது சொச்சம் இயல்புநிலைப் பயனர் பெயர், கடவுச்சொல் இணைகளை வைத்துக்கொண்டு, வாங்கியபடியே விட்டுவைக்கப்பட்ட டி.வி.ஆர்களிலும் கேமராக்களிலும் நுழைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, பிடித்துவைத்த அந்தக் கருவிகளை ஏவி டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள், அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பல திறக்கவில்லை. அந்த நிறுவனம் எதற்குப் பேர்போனது தெரியுமா? மாறும் வீட்டு முகவரிகளுக்குப் பெயர் தரும் சேவைக்கு. டி.வி.ஆர்காரர்கள் பலர் ஒருகாலத்தில் அங்கேதான் இலவசப் பெயர் வாங்கினார்கள்.

மணிமாறன் | வியாழன், இரவு 9.50

என் கடவுச்சொல் இயல்புநிலை அல்ல, 14 எழுத்து.

நீலகண்டன், சிங்கப்பூர் | வியாழன், இரவு 10.05

நல்லது. ஆனால் டி.வி.ஆர். மென்பொருளிலேயே ஓட்டை இருந்தால் கடவுச்சொல்லைக் கேட்காமலே நுழையலாம். அப்படிப்பட்ட ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பெட்டிக்குக் கடைசியாக எப்போது மென்பொருள் மேம்பாடு போட்டீர்கள்?

மணிமாறன் | வியாழன், இரவு 10.20

போட்டதில்லை. அதனால் ஒன்றும் ஆகவும் இல்லை.

காரைக்குடி சொக்கு | சனி, மாலை 6.30

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாட்டியவருக்குத் தொலைபேசியில் பேசினேன். ஆமாம், அவர் கணக்கில்தான் இருந்தது. மறந்தே போயிருக்கிறார். திறந்து பார்த்தபோது 37 வீடுகள், கடைகள் அவர் பட்டியலில் இருந்ததாம். அவரே பதறிவிட்டார். என்னுடையதை உடனே நீக்கினார். நான் சேர்த்துக்கொண்டேன். சரிபார்ப்புக் குறியீடு கேட்ட இடத்தில் டி.வி.ஆர். கடவுச்சொல்லை மூன்று முறை போட்டுவிட்டு, அப்புறம்தான் வயர்மேன் தனியென்று சொன்னது நினைவுக்கு வந்தது. இப்போது ஓசூரில் மொபைல் டேட்டாவில் நான்கு கேமராவும் தெரிகிறது. முதலில் விட்டுவிட்டு வந்தது. முதன்மைப் படத்துக்குப் பதிலாகத் துணைப் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஓடுகிறது. முகம் அவ்வளவு தெளிவில்லை, ஆள் யாரென்று தெரிகிறது.

நீலகண்டன் சொன்னதையும் தள்ளிவிடவில்லை. கூடத்தில் இருந்த கேமராவைக் கழற்றி மாட்டுத்தொழுவப் பக்கம் திருப்பிவிட்டேன். வாசல், கொல்லை, தொழுவம், மாடிப்படி மட்டும் வெளியே போகட்டும். அம்மாவும் அதைத்தான் விரும்பினார் என்று இப்போதுதான் தெரிகிறது.

திருப்பூர் வயர்மேன் | சனி, இரவு 7.10

ரவுட்டரில் போட்ட 8000, 554, 80 மூன்றையும் அழித்துவிடுங்கள், இனி அவற்றுக்கு வேலை இல்லை. நாளைக்கு நிறுவனமே ஏதோ காரணத்தால் உங்களுக்குப் பொது முகவரி கொடுத்துவிட்டால், நீங்கள் மறந்துபோன கதவு அன்றைக்கு உண்மையாகவே திறந்துகொள்ளும். டி.வி.ஆரிலும் ரவுட்டரிலும் `UPnP` என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். அது டி.வி.ஆர். கேட்டால் உங்களிடம் சொல்லாமலே கதவைத் திறந்துவிடும்.

காரைக்குடி சொக்கு | ஞாயிறு, காலை 9.00

அழித்துவிட்டேன், அணைத்தும்விட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. தினமும் இரவு பத்து மணிக்கு `Offline` ஆகி, காலை ஐந்தரைக்குத் திரும்புகிறது. நிறுவனம் இரவில் இணைப்பைத் துண்டிக்கிறதா?

முத்துலட்சுமி | ஞாயிறு, காலை 9.20

அம்மா எத்தனை மணிக்குப் படுப்பார்?

காரைக்குடி சொக்கு | ஞாயிறு, காலை 9.45

கேட்டுவிட்டேன். ரவுட்டரின் நீல விளக்கு கண்ணில் குத்துகிறதாம், ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுக்கிறார். விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

பட்டுக்கோட்டை ரஹீம் | ஞாயிறு, மதியம் 12.40

முழுவதும் படித்தேன். எனக்கும் இதே நோய், ஆனால் என் ரவுட்டரின் `WAN IP` 100இல் தொடங்கவில்லை, 192.168.100.2 என்று காட்டுகிறது. இதுவும் சி.ஜி.நாட்தானா? என் இணைய நிறுவனத்தில் பொது முகவரி உண்டு என்றார்கள்.

திருப்பூர் வயர்மேன் | ஞாயிறு, மதியம் 1.15

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நிறுவனம் சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக இருந்து, அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரை மாட்டியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் உங்களுக்கு இரண்டு கேட், இரண்டும் உங்கள் வீட்டுக்குள்ளேயே. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரச் சொன்னால் ஒன்று போய்விடும். ஆனால் அதற்கு அப்பாலும் 100 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கணினி இருந்தால் வீட்டு வைஃபையில் இதை ஓட்டி, முதல் நான்கு வரிகளை இங்கே போடுங்கள்:

```
tracert -d 8.8.8.8
```

பட்டுக்கோட்டை ரஹீம் | ஞாயிறு, மதியம் 1.30

கணினி மகளிடம் இருக்கிறது, திருச்சியிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வருவாள். வந்ததும் போடுகிறேன்.